குமிழி எங்கிருந்து வருகிறது?

பதினோராம் வகுப்பு ஆய்வகம். முகவையில் குளத்து நீர். நீருக்குள் நூலால் கட்டிய நாலைந்து வேலம்பாசித் தண்டுகள், அவற்றின் மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பில் தலைகீழாக நிறுத்திய சோதனைக் குழாய். சன்னலோர வெயிலில் வைத்ததும் தண்டின் வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கின. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒரு மாணவி ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவை நீரில் கரைத்தாள். சற்று நேரத்தில் குமிழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. அவள் நோட்டில் இப்படி எழுதினாள்: “ஆப்ப சோடா கார்பன் டை ஆக்சைடு தருகிறது. அது கூடியதும் ஆக்சிஜன் கூடியது. எனவே கார்பன் டை ஆக்சைடு உடைந்துதான் ஆக்சிஜன் வருகிறது.”

அந்தப் பக்கத்தில் தவறு என்று கோடு போட எனக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன். அவள் பார்த்தது உண்மை. சோடா போட்டால் குமிழி கூடத்தான் செய்யும். பார்த்ததிலிருந்து அவள் போன வழியும் முட்டாள்தனமானதில்லை. 1930கள் வரை பெரிய வேதியியலாளர்கள் பலரும் அதே வழியில்தான் போனார்கள். ஆனால் முடிவு தவறு. பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருகிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் மதிப்பெண் போகிற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஒரே குழப்பத்தின் வெவ்வேறு முகங்களாகத்தான் இருக்கும். எது எந்தக் கட்டத்தில் நடக்கிறது, எது எந்தக் கட்டத்தின் விளைபொருள் என்பது பிள்ளைகளுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

கலப்பதற்குப் பாதிக் காரணம் நாம் சொல்லிக்கொடுக்கும் சமன்பாடு. கார்பன் டை ஆக்சைடும் நீரும் சேர்ந்து, ஒளியின் உதவியால், சர்க்கரையும் ஆக்சிஜனும் ஆகின்றன என்று எட்டாம் வகுப்பிலேயே ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரியைப் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் வேகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் இலைக்குள் இருப்பவை இரண்டு பட்டறைகள். இரண்டும் பசுங்கணிகம் என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்றில் நீர் உடைகிறது. மற்றொன்றில் கார்பன் சேர்கிறது. முதல் பட்டறைக்குள் கார்பன் டை ஆக்சைடு நுழைவதே இல்லை. இரண்டாவதிலிருந்து ஆக்சிஜன் வெளியே வருவதும் இல்லை.

முதல் பட்டறை தைலகாய்டு என்ற சவ்வு. தட்டையான பைகளைக் காசு அடுக்கியதுபோல் அடுக்கி வைத்திருக்கும் அமைப்பு அது. பச்சையம் முழுவதும் அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. ஒளி பட்டதும் பச்சையத்திலிருந்து எலக்ட்ரான்கள் எழும்பி ஓடுகின்றன. ஓடிப்போன எலக்ட்ரான்களுக்கு ஈடு கொடுக்க நீர் மூலக்கூறு உடைக்கப்படுகிறது. உடைந்த நீரில் எஞ்சும் ஆக்சிஜன், செடிக்கு அந்த இடத்தில் வேண்டாத பொருளாக வெளியேறுகிறது. ஓடிய எலக்ட்ரான்கள் கடைசியில் என்ஏடிபி என்ற சுமைதூக்கியின் முதுகில் ஏறி, அதை என்ஏடிபிஎச் ஆக்குகின்றன. போகிற வழியில் அவை சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகளைக் குவித்து வைக்கின்றன. அந்தக் குவியல் திரும்பி வழியும்போது, சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நொதி சுழன்று ஏடிபி செய்கிறது. ஆக, ஒளிவினையின் விளைபொருள்கள் மூன்று: ஏடிபி, என்ஏடிபிஎச், ஆக்சிஜன். சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாம் பட்டறை ஸ்ட்ரோமா. தைலகாய்டு அடுக்குகளைச் சூழ்ந்திருக்கும் நிறமற்ற, பிசுபிசுப்பான திரவம் அது. அங்கேதான் கார்பன் டை ஆக்சைடு பிடிபடுகிறது. மேலிருந்து வரும் ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் செலவழித்து அதைச் சர்க்கரையாக்குகிறார்கள் அங்கிருக்கும் நொதிகள். செலவழிந்த ஏடிபி ஏடிபீயாகவும் பாஸ்பேட்டாகவும், செலவழிந்த என்ஏடிபிஎச் வெறும் என்ஏடிபியாகவும் முதல் பட்டறைக்குத் திரும்புகின்றன. இந்தத் திரும்பும் சரக்கைத்தான் பாடம் நடத்தும்போது நாம் விட்டுவிடுகிறோம். சோடா போட்டால் குமிழி ஏன் கூடுகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. அதற்கு வருமுன், ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இரண்டு பட்டறைக் கதையைச் சொன்னால், பிள்ளைகள் அதை நம்பிக்கையாக மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான்.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் கார்னெலிஸ் வான் நீல். ஊதாநிறக் கந்தக பாக்டீரியாக்களும் ஒளியில் சர்க்கரை செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அவை நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன. அவை ஆக்சிஜன் விடுவதில்லை, கந்தகத்தைத்தான் விடுகின்றன. வான் நீல் 1931-இல் எழுப்பிய வாதம் எளிமையானது. கார்பன் டை ஆக்சைடு உடைந்துதான் ஆக்சிஜன் வருகிறதென்றால் இந்தப் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் விட வேண்டுமே? அவற்றில் ஹைட்ரஜன் சல்பைடு உடைந்து கந்தகம் மிஞ்சுகிறது. அப்படியென்றால் செடியில் உடைவது நீராகவும், மிஞ்சுவது அந்த நீரின் ஆக்சிஜனாகவும்தான் இருக்க வேண்டும்.

அது ஓர் ஒப்பீடு மட்டுமே. நேரடிச் சோதனை கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் செய்தது. 1937-இல் அவர் இலையை அரைத்துப் பசுங்கணிகங்களைத் தனியே பிரித்தெடுத்தார். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளக்கூடிய ஓர் இரும்பு உப்பை அவற்றோடு சேர்த்து ஒளியில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடை அவர் சேர்க்கவில்லை. அப்படியும் ஆக்சிஜன் வந்தது. சர்க்கரை உருவாகவில்லை. அதாவது, எலக்ட்ரானை ஏற்க ஓர் ஆள் இருந்தால் போதும், முதல் பட்டறை தன் வேலையைச் செய்துவிடும். அந்த ஆள் கார்பன் டை ஆக்சைடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிறகு 1941-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் அணுவுக்கே அடையாளம் போட்டார்கள். சாதாரண ஆக்சிஜனைவிட எடை கூடிய ஆக்சிஜன்-18 கலந்த நீரில் குளோரெல்லா என்ற பாசியை வளரவிட்டு, வெளிவந்த ஆக்சிஜனின் எடையைப் பார்த்தார்கள். அடையாளத்தை நீரில் போட்டபோது வெளிவந்த வாயுவிலும் அது இருந்தது. கார்பன் பக்கம் போட்டபோது வாயுவின் கலப்பு அப்போதும் நீரின் கலப்பையே ஒத்திருந்தது.

இந்த இடத்தில்தான் பாடப்புத்தகத்தில் வரும் நீண்ட சமன்பாட்டுக்குப் பொருள் கிடைக்கிறது:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

இருபக்கமும் நீர் இருக்கிறதே, கழித்துவிட்டால் ஆறு நீர் போதுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணக்கு வாத்தியார் கழிக்கச் சொல்லலாம், தாவரவியலில் கழிக்கக் கூடாது. வெளிவரும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறில் பன்னிரண்டு அணுக்கள். அத்தனையும் நீரிலிருந்து வர வேண்டுமென்றால் பன்னிரண்டு நீர் உடைந்தாக வேண்டும். அப்படியானால் கார்பன் டை ஆக்சைடில் இருந்த பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள் எங்கே போயின? ஆறு சர்க்கரைக்குள் போய்விட்டன. மீதி ஆறும் இரண்டாம் பட்டறையில் புதிதாகப் பிறக்கும் நீரில் இருக்கின்றன. வலப்பக்கத்து நீரும் இடப்பக்கத்து நீரும் ஒரே நீர் இல்லை. ஒன்று முதல் கட்டத்தில் உடைந்தது, மற்றது இரண்டாம் கட்டத்தில் உருவானது.

சரி, அந்த மாணவியின் குமிழிக்கு வருவோம். அவளுக்கு நான் சொன்னது கோலி சோடா கணக்கு. எங்கள் ஊரில் ஒரு கோலி சோடாக் கம்பெனி இருந்தது. காலையில் நிரம்பிய பாட்டில்கள் மூன்று சக்கர வண்டியில் கடைகளுக்குப் போகும், மாலையில் காலிப் பாட்டில்கள் அதே வண்டியில் திரும்பி வரும். கம்பெனியிடம் இருப்பதே குறிப்பிட்ட அளவு பாட்டில்தான். மழைக்காலத்தில் கடையில் சோடா விற்காது. காலிப் பாட்டில் திரும்பாது. எந்திரமும் வாயுவும் ஆளும் இருந்தும் கம்பெனி சும்மா கிடக்கும்.

இலையிலும் அதே நிலைமை. என்ஏடிபி என்ற காலிப் பாட்டில்கள் பசுங்கணிகத்தில் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஒளிவினை அவற்றை எலக்ட்ரானால் நிரப்பி அனுப்புகிறது. இரண்டாம் பட்டறை அவற்றைக் காலி செய்து திருப்பி அனுப்பினால்தான் அடுத்த எலக்ட்ரானுக்கு இடம் கிடைக்கும். குளத்து நீரில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தபோது காலி செய்யும் வேலை மெதுவாக நடந்தது. முதல் பட்டறையில் எலக்ட்ரான்கள் போக வழியின்றித் தேங்கின. நீர் உடைவதும் மெதுவானது. ஆப்ப சோடா கரைந்ததும் இரண்டாம் பட்டறைக்குக் கார்பன் தாராளமாகக் கிடைத்தது. பாட்டில்கள் விரைவாகக் காலியாகித் திரும்பின. நீர் வேகமாக உடைந்தது. குமிழி கூடியது. கூடிய குமிழிகளில் இருந்த ஆக்சிஜனும் நீருடையதுதான். கார்பன் டை ஆக்சைடு செய்தது, அது வரும் வேகத்தைக் கூட்டியது மட்டுமே.

ராபின் ஹில்லின் இரும்பு உப்பு ஏன் வேலை செய்தது என்பதும் இப்போது விளங்கும். அவர் இரண்டாம் பட்டறையையே ஒதுக்கிவிட்டு, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறு பாத்திரத்தை நீட்டினார்.

இனி இரண்டாம் பட்டறைக்குள் போகலாம். அங்கே நடப்பதைப் படிப்படியாகக் கண்டவர்கள், அதே பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர். அந்த வேலைக்கான நோபல் பரிசு 1961-இல் கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சனின் பெயர் பல பாடப்புத்தகங்களில் இன்றும் விடுபட்டுத்தான் இருக்கிறது. அது சரியில்லை என்பது என் கருத்து.

அவர்களுடைய கருவி பார்க்க எளிமையானது. குச்சி மிட்டாய் வடிவத்தில் தட்டையான ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே பாசி கலந்த நீர். இருபுறமும் விளக்கு. கதிரியக்கக் கார்பன்-14 கொண்ட பைகார்பனேட்டைச் செலுத்திவிட்டு, சில வினாடிகளில் அடிக்குழாயைத் திறந்து பாசியைக் கொதிக்கும் ஆல்கஹாலில் கொட்டுவார்கள். வினை அந்தக் கணத்தில் உறைந்துவிடும். பிறகு சாற்றைக் காகிதத்தில் பிரித்து, எக்ஸ்-ரே படச்சுருளோடு ஒட்டி வைத்தால், கார்பன்-14 சேர்ந்த பொருள்கள் கரும்புள்ளிகளாகப் பதியும். அரை நிமிடம் விட்டால் ஏராளமான புள்ளிகள். நேரத்தைச் சில வினாடிகளாகக் குறைத்தபோது ஒரே பொருளின் புள்ளி மட்டும் மற்றவற்றைவிட மேலோங்கி நின்றது. அது பாஸ்போகிளிசரிக் அமிலம், மூன்று கார்பன் கொண்ட ஓர் அமிலம். கார்பன் டை ஆக்சைடு முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

சுழற்சியின் கணக்கை மூன்று கார்பன் டை ஆக்சைடை வைத்துப் போட்டால் பின்னமின்றி வரும். ஸ்ட்ரோமாவில் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை காத்திருக்கிறது. ரூபிஸ்கோ என்ற நொதி ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடையும் ஓர் ஐந்து கார்பன் சர்க்கரையோடு சேர்க்கிறது. சேர்ந்த ஆறு கார்பன் பொருள் உடனே இரண்டாகப் பிளந்து, இரண்டு மூன்று கார்பன் அமிலமாகிறது. மூன்று முறை நடந்தால் ஆறு அமில மூலக்கூறுகள். இதுவரை ஒரு ஏடிபிகூடச் செலவாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கார்பனைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் ஒளிவினையின் சரக்கு தேவையில்லை.

அடுத்த படியில்தான் செலவு. ஆறு அமிலத்தையும் ஆறு மூன்று கார்பன் சர்க்கரையாக்க ஆறு ஏடிபியும் ஆறு என்ஏடிபிஎச்சும் வேண்டும். அந்த ஆறில் ஒன்றுதான் லாபமாக வெளியே போகிறது. மீதி ஐந்தும், அதாவது பதினைந்து கார்பனும், மறுபடி மூன்று ஐந்து கார்பன் சர்க்கரைகளாக மாற வேண்டும். அதற்கு இன்னும் மூன்று ஏடிபி. மொத்தம் ஒன்பது ஏடிபி, ஆறு என்ஏடிபிஎச். அந்த ஆறு என்ஏடிபிஎச்சுக்குப் பன்னிரண்டு எலக்ட்ரான்கள் வேண்டும். அதற்கு ஆறு நீர் உடைய வேண்டும். உடைந்தால் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரும். மூன்று கார்பன் உள்ளே, மூன்று ஆக்சிஜன் வெளியே என்று கணக்கு நேராகிறது.

“ஒளிச்சேர்க்கையின் விளைபொருள் குளுக்கோஸ்” என்று எழுதுவதில் உள்ள சிக்கலும் இங்கே தெரிகிறது. சுழற்சியிலிருந்து நேரடியாக வெளிவருவது மூன்று கார்பன் சர்க்கரையின் பாஸ்பேட். அது பசுங்கணிகத்துக்குள்ளேயே தங்கினால் ஸ்டார்ச் ஆகிறது. அயோடின் சோதனையில் இலை கருநீலமாவது இதனால்தான். வெளியேறி செல்லின் திரவத்துக்குப் போனால் சுக்ரோஸ் ஆகிறது. கரும்பின் தண்டுக்கு இறங்குவது அதுவே. பொதுச் சமன்பாட்டில் குளுக்கோஸ் எழுதுவது கணக்கு வசதிக்காக. “கால்வின் சுழற்சியின் நேரடி விளைபொருள் எது” என்று கேட்டால் குளுக்கோஸ் என்று குறிக்கக் கூடாது.

குழப்பம் தீர்ந்ததா என்று பார்க்க நான் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நன்றாக ஒளி பெற்று வேலை செய்துகொண்டிருக்கும் பாசியின் மீது விளக்கைச் சட்டென்று அணைக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு தாராளமாக இருக்கிறது. மூன்று கார்பன் அமிலத்தின் அளவும், ஐந்து கார்பன் சர்க்கரையின் அளவும் முதல் சில வினாடிகளில் எப்படி மாறும்?

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டும் குறையும் என்பார்கள். ஒளி போனால் எல்லாம் குறைய வேண்டியதுதானே என்ற எண்ணம். சிலர் எதுவும் மாறாது என்பார்கள். இரண்டாம் கட்டத்துக்குத்தான் ஒளி வேண்டாமே என்பது அவர்கள் வாதம். இரண்டும் தவறு. இதைத் தீர்க்க ஏரிக் கணக்குப் போதும். எந்த ஏரியிலும் நீர்மட்டம் வரத்தையும் போக்கையும் பொறுத்தது. ஒவ்வொரு பொருளையும் ஓர் ஏரியாக வைத்துக்கொண்டு, அதன் வரத்து வாய்க்கால் எது, மதகு எது என்று கேட்க வேண்டும்.

மூன்று கார்பன் அமிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் வரத்து, ரூபிஸ்கோ கார்பனைப் பிடிப்பது. அதற்கு ஏடிபி வேண்டாம், எனவே விளக்கு அணைந்தும் அது ஓடுகிறது. அதன் போக்கு, சர்க்கரையாக மாறுவது. அதற்கு ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வேண்டும். விளக்கு அணைந்ததும் கையிருப்பு தீர்ந்து மதகு மூடிக்கொள்கிறது. வரத்து இருக்கிறது, போக்கு இல்லை. மட்டம் ஏறுகிறது.

ஐந்து கார்பன் சர்க்கரைக்கு நேர் எதிர். அதன் வரத்து, சுழற்சியின் கடைசியில் மறுபடி உருவாவது. அதற்கு ஏடிபி வேண்டும், எனவே நின்றுவிடுகிறது. அதன் போக்கு கார்பனோடு சேர்வது. அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏரி வற்றுகிறது. வற்றி முடிந்ததும் கார்பன் பிடிப்பும் நின்றுபோகும், அமிலத்தின் மட்டமும் ஏறுவதை நிறுத்தும்.

விளக்கை எரியவிட்டு, கார்பன் டை ஆக்சைடை மட்டும் சட்டென்று குறைத்தால் என்ன ஆகும்? அமிலத்தின் வரத்து அடைபடுகிறது, மதகு திறந்தே இருக்கிறது. எனவே அமிலம் குறைகிறது. ஐந்து கார்பன் சர்க்கரை உருவாகிக்கொண்டே இருக்கிறது, அதைச் செலவழிக்கக் கார்பன் இல்லை. எனவே அது ஏறுகிறது. பெர்க்லியில் அளந்தபோது கரும்புள்ளிகளின் அடர்த்தி இப்படியேதான் மாறியது. கார்பனைப் பிடிக்கும் பொருள் எது, பிடித்ததும் கிடைப்பது எது என்று அவர்கள் உறுதி செய்துகொள்ள இந்த ஏற்ற இறக்கமே பெரிதும் உதவியது. மாணவர்களும் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வரத்தையும் போக்கையும் வரைந்தால் ஒரு நிமிட வேலை.

‘இருள்வினை’ என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. 1905-இல் பிளாக்மேன், பலமான ஒளியிலும் வெப்பத்தைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்று காட்டினார். ஒளியால் நேரடியாக நடக்கும் வினை வெப்பத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே ஒளியை நேரடியாக நாடாத ஒரு படியும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. அந்தப் படிக்கு இருள்வினை என்ற பெயர் நிலைத்தது. ‘ஒளி நேரடியாக வேண்டாத வினை’ என்பதே பொருள். பிள்ளைகள் அதை ‘இரவில் நடக்கும் வினை’ என்று படிக்கிறார்கள்.

இருளிலும் நடத்திக் காட்ட முடியும் என்பது உண்மைதான். 1958-இல் டேனியல் ஆர்னன் குழுவினர் கீரைப் பசுங்கணிகங்களை எடுத்து, கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் ஒளியில் வைத்து ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் சேர்த்தார்கள். பிறகு பச்சைப் பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய நிறமற்ற சாற்றை இருளில் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு கொடுத்தார்கள். பச்சையமே இல்லாத அந்தச் சாறு இருட்டில் சர்க்கரை பாஸ்பேட்டுகளை உருவாக்கியது. இரண்டு பட்டறைகளையும் இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய சோதனையை நான் அறியேன்.

ஆனால் அது ஆய்வகக் குழாயில் நடந்தது. தோட்டத்து இலையில் இரவில் இந்தச் சுழற்சி நிற்கிறது. சரக்கு வராதது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. சுழற்சியின் முக்கியமான நொதிகள் சிலவற்றுக்கு ஒளியே சாவி. பகலில் எலக்ட்ரான் ஓட்டத்தில் ஒரு பகுதி தயோரெடாக்சின் என்ற சிறு புரதத்தின் வழியாக அந்த நொதிகளைத் திறந்து வைக்கிறது. இருட்டினால் அவை பூட்டிக்கொள்கின்றன. இல்லாவிட்டால் இரவெல்லாம் செடி சேமித்த சர்க்கரையை உடைத்து, அதே ஆற்றலில் மறுபடி சர்க்கரை செய்துகொண்டிருக்கும்.

“அப்படியென்றால் கள்ளி இரவில்தானே கார்பனை எடுக்கிறது, டீச்சர்?” என்று ஒருவராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை நம் மண்ணிலிருந்தே கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மொரேவிய சபைக்காரராக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரத்தில் வாயில் போட்டு மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. 1813-இல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பதிவு செய்தார்.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலம். ரணகள்ளியும் பிரண்டையும் கள்ளிகளும் பகல் வெயிலில் நீரை இழக்காமலிருக்க இலைத்துளைகளை இரவில் திறக்கின்றன. வந்த கார்பனை வேறொரு நொதியால் பிடித்து அமிலமாக்கிச் சேமிக்கின்றன. அது கால்வின் சுழற்சி இல்லை, ஒரு தற்காலிகக் கிடங்கு. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வெளியே எடுத்து, பகலின் ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் கொண்டு சுழற்சியை நடத்துகின்றன. ஆகவே கள்ளியிலும் சர்க்கரை பகலில்தான் உருவாகிறது. ரணகள்ளி உங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்தால் மெல்லத் தேவையில்லை. விடியற்காலையும் பிற்பகலும் ஓர் இலையை நசுக்கி நீல லிட்மஸ் தாளில் தடவினால், காலையில் சிவப்பு அழுத்தமாக ஏறுவது தெரியும்.

அந்த மாணவி அடுத்த வாரம் அதே சோதனையை மறுபடி அமைத்தாள். சோடாவைப் போட்டு, குமிழி வேகமாக வரும்போது, முகவையை மொத்தமாகக் கறுப்புத் துணியால் மூடினாள். துணிக்குக் கீழே ஒரு விளிம்பைத் தூக்கிப் பார்த்தோம். குமிழிகள் தளர்ந்து, ஒன்றிரண்டு சிக்கிக்கொண்டு, பிறகு நின்றுவிட்டன. அவள் நோட்டைத் திறந்து பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: “நீர் உடைவது நின்றது. இலைக்குள் கார்பன் பிடிப்பது இன்னும் சில வினாடி ஓடும், ஐந்து கார்பன் சர்க்கரை தீரும்வரை. அதற்குக் குமிழி கிடையாது, அதனால் பார்க்க முடியவில்லை.”